பேக்ஃபிளஷ் அடக்கக் கணக்கு: சரக்கு முடிந்த பிறகு பின்னோக்கிப் பதியும் முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அப்பா பால் வெட்டியவர். பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், வெட்டிச் சேர்த்த பாலை வாளியில் சுமந்துகொண்டு பால் கொட்டகைக்கு வருவார். கிராணி வாளியை நிறுப்பார், மெட்ரோலேக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பார், உலர் ரப்பர் இத்தனை விழுக்காடு என்று எழுதிக்கொள்வார். எந்த மரம் எவ்வளவு கொடுத்தது என்று யாரும் எழுதியதில்லை. கொட்டகையில் நிறுத்த அந்த ஓர் எடையிலிருந்துதான் மற்ற கணக்கெல்லாம் பின்னோக்கிப் போடப்பட்டது.

இப்போது அதே ஊரில், கார் இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் நான் அடக்கக் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் சரக்கு ஒரு நாளைக்கு இரண்டு லோரி போகும்; வாங்குகிறவர் கேட்கும் அளவுதான் செய்வோம், செய்த அன்றோ மறுநாளோ அது போய்விடும். இப்படி ஓடும் ஆலையில் பேக்ஃபிளஷ் என்பது பால் கொட்டகைக் கணக்கைப் போன்றதுதான். முடிந்த நல்ல உருப்படிகளை எண்ணுகிறோம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பொருள், எவ்வளவு வேலை போயிருக்க வேண்டும் என்ற அளவால் பெருக்குகிறோம். அந்தத் தொகையைப் பின்னால் போய்ப் பொருள் கணக்கிலிருந்து கழிக்கிறோம்.

“போயிருக்க வேண்டும்” என்று சொன்னேன், “போனது” என்று சொல்லவில்லை. இந்த முறையின் வசதியும் ஆபத்தும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கின்றன. கீழே ஒரு மாதக் கணக்கை எடுத்து, முதல் பதிவிலிருந்து ஸ்டாக் எண்ணி முடிப்பது வரை கொண்டுபோகிறேன். புரிவதற்காக எண்களை முழு எண்களாக வைத்திருக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது: உங்கள் ஆலைக்கு இது ஒத்துவருமா?

பழைய முறையில், ஸ்டோரிலிருந்து பொருள் வெளியே போனால் ஒரு சீட்டு, நடப்பு வேலைக் கணக்கில் ஒரு பதிவு. ஒவ்வொரு வேலைக்கும் தொழிலாளியின் நேரம் எழுதப்படும். வேலை ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குப் போனால் இன்னொரு பதிவு, முடிந்தால் இன்னொன்று, விற்றால் இன்னொன்று. ஓர் உருப்படி ஆலைக்குள் மூன்று வாரம் கிடந்தால் இந்தப் பதிவுகள் தேவைதான். மாதக் கடைசியில் எவ்வளவு பணம் தரையில் கிடக்கிறது என்று வேறு வழியில் தெரியாது.

எங்கள் மவுண்டிங் காலையில் பிரஸ்ஸுக்குள் போனால் மாலைக்குள் தட்டில் இருக்கும். நடுவில் எதுவும் தேங்குவதில்லை. தேங்காத இடத்தில் நடப்பு வேலையின் மதிப்பைத் தனியாகப் பின்தொடர்வது, ஓடும் தண்ணீரைக் குவளை குவளையாக அளப்பதற்குச் சமம். ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். பொருள் உள்ளே வந்து சரக்காக வெளியே போக ஓரிரு நாளுக்கு மேல் ஆகிறதா? ஓர் உருப்படிக்கு எவ்வளவு பொருள் போகிறது என்ற அளவு நிலையானதா? கெட்டுப்போன உருப்படி அன்றைக்கே கண்ணில் படுகிறதா? முதல் கேள்விக்கு “இல்லை”, மற்ற இரண்டுக்கும் “ஆமாம்” என்றால் தொடரலாம். ஒவ்வோர் ஆர்டரும் வேறு வேறு அளவில் வரும் பட்டறைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 1: ஓர் உருப்படியின் ஸ்டாண்டர்ட் அடக்கத்தைச் சரியாகப் போடுங்கள்

எங்கள் மவுண்டிங்கில் இரண்டு பொருள்தான். காம்பவுண்ட் ரப்பர் அரைக் கிலோ, கிலோ 12 ரிங்கிட், ஆக 6 ரிங்கிட். அதற்குள் ஒட்டிக்கொள்ளும் எஃகு பிராக்கெட் ஒன்று, 9 ரிங்கிட். பொருள் மட்டும் 15 ரிங்கிட். பொருளைச் சரக்காக மாற்ற ஆகும் கூலி, மின்சாரம், மோல்டு தேய்மானம், மேற்பார்வை எல்லாம் சேர்ந்தது மாற்றுச் செலவு. ஓர் உருப்படிக்கு 9 ரிங்கிட். மொத்தம் 24 ரிங்கிட்.

இதில் மாற்றுச் செலவு சற்று முன்பின் இருந்தாலும் மாதக் கடைசியில் சரிக்கட்டலாம். பொருள் அளவு தவறினால், தவறு ஒவ்வோர் உருப்படியிலும் சேர்ந்துகொண்டே போகும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் புதுப் பாகம் ஒன்றுக்கு பிஓஎம், அதாவது ஓர் உருப்படிக்கு என்ன பொருள் எவ்வளவு என்ற பட்டியல், போட்டபோது, முடிந்த பாகத்தைத் தராசில் வைத்து, அதிலிருந்த ரப்பரின் எடை 460 கிராம் என்று எழுதிவிட்டோம். அழகான, துல்லியமான எடை. ஆனால் மோல்டுக்குள் போனது 500 கிராம். மீதி 40 கிராம் ஓரத்துப் பிசிறாகவும் ரப்பர் வழிந்து வரும் வாய்க்காலில் உறைந்தும் போய்விடும். பையன்கள் கத்தியால் சீவிக் கூடையில் போடுவார்கள். வெந்த ரப்பரைத் திரும்ப உருக்கி மோல்டில் ஊற்ற முடியாது. ஆக அந்த 40 கிராமும் செலவுதான்.

மாதம் 10,000 உருப்படி செய்தால் 400 கிலோ, கிலோ 12 ரிங்கிட் வீதம் 4,800 ரிங்கிட் ரப்பர், தரையில் இல்லாமல் கணக்கில் மட்டும் இருக்கும். மூன்று மாதம் ஸ்டோர் அண்ணன்மேல் சந்தேகப் பார்வை விழுந்தது. அவர் ஒரு நாள் பிசிறுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைப் பக்கத்தில் வைத்து, “இதை நிறுத்துப் பாரும்மா” என்றார். நிறுத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து பிஓஎம் எழுதும்போது முடிந்த பாகத்தை நான் நிறுப்பதில்லை. மோல்டுக்குள் போகும் ரப்பர் துண்டைத்தான் நிறுக்கிறேன்.

காம்பவுண்ட் விலையும் அசையும். இயற்கை ரப்பர் விலையை மலேசிய ரப்பர் வாரியம் வேலை நாள்தோறும் வெளியிடுகிறது. எஸ்எம்ஆர் 20 என்ற தர ரப்பரின் விலை ஏறினால் எங்கள் சப்ளையரும் ஏற்றுவார். அதற்காக ஸ்டாண்டர்டைத் தினமும் மாற்றக்கூடாது. பொருளை ஸ்டாண்டர்ட் விலையிலேயே பதிந்து, இன்வாய்ஸ் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை விலை வேறுபாடு என்ற தனிக் கணக்கில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து ஸ்டாண்டர்டைத் திருத்தினால் எங்களுக்குப் போதுமாக இருக்கிறது.

படி 2: எங்கே பதிவது என்று முடிவெடுங்கள்

ஒரு பொருளின் பயணத்தில் கணக்கு எழுதத் தக்க இடங்கள் நான்கு: வாங்கும்போது, உற்பத்திக்குள் போகும்போது, நல்ல சரக்காக முடியும்போது, விற்கும்போது. பேக்ஃபிளஷ் இரண்டாவது இடத்தை விட்டுவிடுகிறது. மீதியில் எதை வைத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று வகை பரவலாக உண்டு: வாங்குதல், முடிதல், விற்றல் மூன்றிலும் பதிவது, வாங்குதலிலும் விற்றலிலும் மட்டும் பதிவது, முடிதலிலும் விற்றலிலும் மட்டும் பதிவது.

நாங்கள் வைத்திருப்பது மூன்று இடமும். பதிவு கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் ஸ்டாக் எண்ணும்போது பொருள் தனி, முடிந்த சரக்கு தனி என்று ஒப்பிட முடிகிறது. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று படி 6-இல் தெரியும்.

முடிதல் என்ற இடத்தைத் தரையில் ஒரு புள்ளியாகக் காட்டுங்கள். எங்களிடம் அது கடைசிப் பரிசோதனை மேசை. ஒரு தட்டில் 20 மவுண்டிங். பரிசோதித்த பெண் தட்டு அட்டையை ஸ்கேன் செய்ததும் சிஸ்டம் 20 உருப்படியை முடிந்த சரக்கில் ஏற்றி, 10 கிலோ ரப்பரையும் 20 பிராக்கெட்டையும் பொருள் கணக்கிலிருந்து இறக்கிவிடும். ஸ்கேனருக்கு ஒரே ஆள், ஒரே மேசை.

படி 3: ஐந்து கணக்குகளைத் திறந்து வையுங்கள்

ஸ்டோரில் இருக்கும் பொருளுக்கும் பிரஸ்ஸில் பாதி வெந்திருக்கும் பொருளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. நான் இதைப் பொருள்-நடப்புக் கணக்கு என்கிறேன், பாடப்புத்தகங்களில் ஆர்ஐபி என்று இருக்கும். மாற்றுச் செலவுக்கு இரண்டு கணக்கு: உண்மையில் ஆனது ஒன்று, ஸ்டாண்டர்ட்படி சரக்கின்மேல் ஏற்றியது ஒன்று. பிறகு முடிந்த சரக்கு. கடைசியாக, விற்ற சரக்கின் அடக்கம்.

நேரடிக் கூலிக்குத் தனிக் கணக்கு இல்லையே என்று சிலர் தேடுவார்கள். இங்கே கூலியும் மாற்றுச் செலவில் ஒரு பகுதிதான். எங்கள் பிரஸ் ஆள் மோல்டு துடைக்கிறார், தட்டு நகர்த்துகிறார், பக்கத்து மெஷின் நின்றால் போய்ப் பார்க்கிறார். அவருடைய நேரத்தை உருப்படிவாரியாகப் பிரித்து எழுதச் சொன்னால் மாலையில் மனத்தில் தோன்றியதைத்தான் எழுதுவார்.

படி 4: மாதப் பதிவுகள்

மாதத்தில் 25 வேலை நாள், நாளுக்கு 400 உருப்படி, ஆக 10,000 நல்ல மவுண்டிங் முடிந்தது. லோரி ஒன்றுக்கு 200 வீதம் 49 லோரி போய்விட்டது, 9,800 விற்றாயிற்று. ஐம்பதாவது லோரிக்குரிய 200 உருப்படி மாதக் கடைசி மாலையில் லோரி ஏற்றும் மேடையில் நிற்கிறது. மாதத் தொடக்கத்தில் ஸ்டாக் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

வாங்கியது 5,200 கிலோ காம்பவுண்ட், 62,400 ரிங்கிட். 10,400 பிராக்கெட், 93,600 ரிங்கிட். சேர்த்து 156,000.

டெபிட்: பொருள்-நடப்பு 156,000
கிரெடிட்: கடன் கொடுத்தோர் 156,000

மாதம் முழுக்க ஆன கூலி, மின்சாரம், தேய்மானம், மற்றவை 94,500.

டெபிட்: மாற்றுச் செலவு, உண்மை 94,500
கிரெடிட்: சம்பளம் கொடுக்க வேண்டியது, மின்கட்டணம், திரண்ட தேய்மானம் முதலியவை 94,500

10,000 உருப்படி முடிந்தபோது, 24 ரிங்கிட் வீதம்:

டெபிட்: முடிந்த சரக்கு 240,000
கிரெடிட்: பொருள்-நடப்பு 150,000
கிரெடிட்: மாற்றுச் செலவு, ஏற்றியது 90,000

இந்தப் பதிவுதான் பேக்ஃபிளஷ். உண்மையில் இது ஒரே நாளில் விழுவதில்லை. 500 தட்டு ஸ்கேன்களாக மாதம் முழுக்க விழுந்ததன் கூட்டுத்தொகை இது.

9,800 விற்றபோது:

டெபிட்: விற்ற சரக்கின் அடக்கம் 235,200
கிரெடிட்: முடிந்த சரக்கு 235,200

மாத நடுவில் அவ்வளவுதான். ஸ்டோர் சீட்டு இல்லை, நேர அட்டை இல்லை, பிரிவு மாற்றப் பதிவு இல்லை.

படி 5: மாற்றுச் செலவு வித்தியாசத்தை மூடுங்கள்

ஆனது 94,500, ஏற்றியது 90,000. 4,500 ரிங்கிட் சரக்கின்மேல் ஏறாமல் நிற்கிறது. முடிந்த சரக்கில் 200 உருப்படிதான் மீதி என்பதால் இதைப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, முழுவதும் விற்ற சரக்கின் அடக்கத்துக்குப் போகலாம்.

டெபிட்: மாற்றுச் செலவு, ஏற்றியது 90,000
டெபிட்: விற்ற சரக்கின் அடக்கம் 4,500
கிரெடிட்: மாற்றுச் செலவு, உண்மை 94,500

இப்போது புத்தகத்தில் பொருள்-நடப்பு 6,000, முடிந்த சரக்கு 4,800, விற்ற சரக்கின் அடக்கம் 239,700. மூன்றையும் கூட்டினால் 250,500. மாதம் போட்ட 156,000-உம் 94,500-உம் சேர்ந்தாலும் அதே 250,500. இந்தக் கூட்டலை ஒவ்வொரு மாதமும் போடுங்கள். பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒரு பதிவு ஒற்றைக் காலில் நிற்கிறது.

ஆனால் பொருந்திவிட்டால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. பதிவுகள் தமக்குள் ஒத்துப்போகின்றன என்பதற்கு மட்டுமே அது சாட்சி. தரை என்ன சொல்கிறது என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

படி 6: எண்ணுங்கள்

புத்தகப்படி 200 கிலோ காம்பவுண்டும் 400 பிராக்கெட்டும் இருக்க வேண்டும். 2,400-உம் 3,600-உம் சேர்ந்தால் 6,000 ரிங்கிட். ஒரு நாள் உற்பத்திக்கு ஆகும் பொருளும் 6,000 ரிங்கிட்தான். ஆகவே ராக்கில் சுமார் ஒரு நாள் சரக்கு தெரிய வேண்டும். எண்ணத் தொடங்கும் முன் நான் இந்த வகுத்தலைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவேன். புத்தகம் நான்கு நாள் என்று சொல்லி ராக்கில் ஒரு நாள் இருந்தால், எண்ணாமலே தெரிந்துவிடும்.

மாதக் கடைசி மாலை, பிரஸ் நின்ற பிறகு, ஸ்டோர் அண்ணனும் லைன் லீடர் தம்பியும் நானும் மூன்று பேர். ராக்கில் இருப்பதோடு, பிரஸ் பக்கத்துத் தட்டுகளில் வெட்டி வைத்த ரப்பர் துண்டும், இன்னும் ஸ்கேன் ஆகாத உருப்படிகளுக்குள் இருக்கும் ரப்பரும் பிராக்கெட்டும் சேர்த்து எண்ண வேண்டும். பொருள்-நடப்புக் கணக்கு இரண்டையும் சேர்த்துத்தானே வைத்திருக்கிறது. ராக்கை மட்டும் எண்ணிவிட்டு “குறைகிறது” என்று கத்துவது இந்த முறையில் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு.

எண்ணியதில் காம்பவுண்ட் 140 கிலோ, பிராக்கெட் 310. குறைவு 60 கிலோவும் 90 பிராக்கெட்டும். 720-உம் 810-உம் சேர்ந்து 1,530 ரிங்கிட்.

90 பிராக்கெட் தொலைந்தது என்றால் நான் முதலில் பார்ப்பது சிவப்புக் கூடையை. அங்கே ஒட்டாமல் உரிந்த மவுண்டிங்குகள் கிடந்தன. ரப்பரும் எஃகும் சேரும் இடத்தில் நகத்தை விட்டால் தோல் உரிவதுபோல் உரிகிறது. பசை பூசிய பிராக்கெட் அழுக்குப் பட்டால் இப்படித்தான் ஆகும். எண்ணினோம், 90. “இதை ஏன் தம்பி ரிஜெக்ட் தாளில் எழுதலை?” என்று கேட்டேன். “நல்லதை மட்டும்தானேக்கா ஸ்கேன் பண்ணச் சொன்னீங்க” என்றார். அவர் சொன்னது சரி. நல்லதை மட்டும் ஸ்கேன் செய்யும் முறையில், கெட்டதை யாராவது தனியாக எழுதாவிட்டால் அது ஆலைக்குள் நடந்ததாகவே கணக்குக்குத் தெரியாது.

90 உருப்படிக்கு 90 பிராக்கெட்டும் 45 கிலோ ரப்பரும் போயிருக்கும்: 1,350 ரிங்கிட். மீதி 15 கிலோ, 180 ரிங்கிட், திங்கள் காலை மெஷினைத் தொடங்கும்போது தள்ளிவிடும் முதல் ரப்பர்.

டெபிட்: விற்ற சரக்கின் அடக்கம், கழிவு இழப்பு 1,530
கிரெடிட்: பொருள்-நடப்பு 1,530

பொருள்-நடப்பு இப்போது 4,470, தரையில் இருப்பதும் 4,470.

இத்தோடு நிறுத்தினால் ரிஜெக்ட்டின் பாதிக் கதைதான் தெரியும். அந்த 90 உருப்படியும் நல்லதைப்போலவே பிரஸ்ஸுக்குள் போய் வெந்தன, மின்சாரம் தின்றன, ஆள் நேரம் தின்றன. ஸ்கேன் ஆகாததால் அவற்றின் மாற்றுச் செலவு எதன்மேலும் ஏறவில்லை. 90-ஐ 9 ரிங்கிட்டால் பெருக்கினால் 810. படி 5-இல் பார்த்த 4,500 வித்தியாசத்துக்குள் இந்த 810 ஒளிந்திருக்கிறது. ஆக ரிஜெக்ட்டின் முழு அடக்கம் 1,350-உம் 810-உம் சேர்ந்து 2,160, அதாவது சரியாக 90 தடவை 24 ரிங்கிட். மேனேஜரிடம் ஸ்டாக் குறைவை மட்டும் காட்டினால் இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மறைந்துபோகும். “கூலி கொஞ்சம் கூடிப்போச்சு” என்று கூலிமேல் பழி விழும். அந்தப் பழி தகாத ஆளின்மேல் விழுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் எழுதிக் காட்டுகிறேன்.

குறைவு எந்தப் பக்கம் என்பதை வைத்தே காரணத்தை ஓரளவு பிடிக்கலாம். பொருள் குறைகிறது, முடிந்த சரக்கு சரியாக இருக்கிறது என்றால் எழுதாத ரிஜெக்ட், அல்லது பிஓஎம் அளவு குறைவு. ரிஜெக்ட் என்றால் எல்லாப் பொருளும் ஒரே விகிதத்தில் குறையும். பிஓஎம் தவறு என்றால் ஒரு பொருள் மட்டும், மாதா மாதம், உற்பத்திக்கு ஏற்ற அளவில் குறையும். பொருள் கூடுதலாக இருந்து முடிந்த சரக்கு குறைகிறது என்றால், ஏதோ ஒரு தட்டை இரண்டு தடவை ஸ்கேன் செய்திருக்கிறார்கள்: 20 மவுண்டிங் புத்தகத்தில் மட்டும் பிறந்து, 10 கிலோ ரப்பரும் 20 பிராக்கெட்டும் புத்தகத்தில் மட்டும் செத்திருக்கும். இதற்கு நேர்மாறாக, பொருள் குறைந்து சரக்கு கூடியிருந்தால் ஒரு தட்டு ஸ்கேன் ஆகாமல் மேடைக்குப் போயிருக்கிறது. பொருளையும் சரக்கையும் தனித்தனிக் கணக்காக வைத்தால்தான் இந்த வாசிப்பு முடியும். படி 2-இல் மூன்று இடத்திலும் பதியச் சொன்னதன் காரணம் இது.

சிஸ்டத்தில் ஒரு பொருளின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனால் மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். இல்லாத பொருளை யாரும் பயன்படுத்த முடியாது. வந்த பொருளை இன்னும் பதியவில்லை, அல்லது பிஓஎம்மில் கிராமுக்குப் பதில் கிலோ விழுந்திருக்கிறது. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

தொடங்கிய புதிதில் வாரம் ஒரு முறை எண்ணுங்கள். நாங்கள் இன்றும் பிராக்கெட்டை வாரம் தவறாமல் எண்ணுகிறோம். எண்ணுவதற்கு அரை மணி நேரம் போதும். அதன் குறைவு ரிஜெக்ட் எண்ணிக்கையை உடனே சொல்லிவிடுகிறது.

மற்ற இரண்டு வகையும் இதே மாதத்தில்

வாங்கும்போதும் விற்கும்போதும் மட்டும் பதிந்தால், முடிதல் பதிவே இல்லை. விற்ற 9,800-க்கு 235,200 டெபிட். ஸ்டாக்கிலிருந்து 147,000, ஏற்றிய மாற்றுச் செலவில் 88,200 கிரெடிட். ஸ்டாக் எண்ணும் முன் ஸ்டாக் கணக்கில் 9,000 நிற்கும். எங்கள் முறையில் 10,800 நின்றது. வித்தியாசம் 1,800, மேடையில் நிற்கும் 200 உருப்படியின் மாற்றுச் செலவு. செய்து வைத்ததற்குப் பெயர் வாங்கக்கூடாது, விற்றால்தான் மதிப்பு என்று நினைக்கும் ஆலைகளுக்கு இது பிடிக்கும். தேவைக்கு மேல் செய்து அடுக்கினாலும் அந்த மாத லாபம் ஏறாது என்பதால், அப்படி அடுக்கும் ஆசையையே இது வெட்டிவிடுகிறது.

முடிதலிலும் விற்றலிலும் மட்டும் பதிந்தால், வாங்கிய 156,000-இல் முடிந்த உருப்படிக்குரிய 150,000 மட்டும் கடன் கணக்கில் ஏறும். மீதி 6,000-க்கு ராக்கில் பொருள் இருக்கிறது, சப்ளையருக்குக் கடனும் இருக்கிறது, புத்தகத்தில் இரண்டும் இல்லை. சப்ளையரின் கணக்கு அறிக்கையோடு நம் கடன் கணக்கு ஒரு மாதமும் ஒத்துப்போகாது. காலையில் வரும் பொருள் அன்று மாலையே சரக்காகிவிடும் இடத்தில் தவிர வேறெங்கும் இதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

படி 7: ஆண்டுக் கடைசியும் பண்டிகையும்

ஸ்டாக் மதிப்புக்கான மலேசியக் கணக்குத் தரநிலைகளில் எம்எஃப்ஆர்எஸ் 102 ஆனாலும், தனியார் கம்பெனிகளுக்கான எம்பிஇஆர்எஸ் பிரிவு 13 ஆனாலும், ஸ்டாண்டர்ட் அடக்கம் உண்மை அடக்கத்தை ஒட்டி இருந்தால் அதைப் பயன்படுத்த இடம் தருகின்றன. ஆனால் ஸ்டாக் மதிப்பில் மாற்றுச் செலவும் சேர வேண்டும், வழக்கத்துக்கு மீறிய கழிவு சேரக்கூடாது. ஆகவே நாம் மாதம் முழுக்க எப்படிச் சுருக்கிப் பதிந்தாலும், ஆண்டுக் கடைசியில் தரையில் நிற்பதை எண்ணி, பாதி வெந்த உருப்படிக்கும் மதிப்புப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்களிடம் நடப்பில் 60 உருப்படி இருந்தது என்றால், பாதி வேலை முடிந்ததாக வைத்து மாற்றுச் செலவு 270 ரிங்கிட். கணக்கெழுதிக் காட்டிவிட்டு, தொகை சிறியது என்று விட்டுவிடலாம். கணக்கெழுதாமலே விடக்கூடாது, ஆடிட்டர் கேட்பது அந்தத் தாளைத்தான். நடுவில் சீட்டு எதுவும் இல்லாத இந்த முறையில் ஸ்கேன் பதிவும் எண்ணிய தாளும்தான் ஆதாரம். 2016 கம்பெனிச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் ஆலைகளில் இந்த முறை தடுமாறுவது நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முன்னால்தான். ஆலை ஒரு வாரம் மூடும். வாங்குகிறவர் திறந்திருந்தால், அல்லது நம்மைவிட முன்னதாகத் திறப்பதாக இருந்தால், ஆறு நாள் சரக்கை முன்கூட்டியே செய்து வைக்கச் சொல்வார். 2,400 மவுண்டிங் மேடையிலிருந்து சுவர்வரை அடுக்கி நிற்கும். கணக்கு மூடும் நாள் அந்த விடுமுறைக்குள் விழுந்தால், மூன்று இடத்திலும் பதிகிறவருக்குக் கவலை இல்லை, அது முடிந்த சரக்கில் முழு மதிப்போடு இருக்கும். வாங்குதலிலும் விற்றலிலும் மட்டும் பதிகிறவர் புத்தகத்தில் அந்தச் சரக்கு வெறும் பொருளாகத்தான் நிற்கும். 2,400-க்கு 9 ரிங்கிட் வீதம் 21,600 மாற்றுச் செலவு அந்த மாத லாபத்தை அடித்துப்போயிருக்கும். அவர் போட வேண்டியது:

டெபிட்: ஸ்டாக் 21,600
கிரெடிட்: விற்ற சரக்கின் அடக்கம் 21,600

அடுத்த மாதம் முதல் தேதி இதைத் திருப்பிப் போட மறக்கக்கூடாது. மறந்தால், அந்த 2,400-உம் லோரி ஏறும்போது மாற்றுச் செலவு விற்றல் பதிவில் வழக்கம்போல் ஏறும். ஆனால் ஸ்டாக்கில் ஏற்றிய 21,600 இறங்காமல், யாரும் எண்ண முடியாத ஒரு சரக்காக அங்கேயே நிற்கும்.